புதிய கல்வியாண்டு 2025-26: பெற்றோர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

வணக்கம். மே மாதம் முழுக்க எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளையும், சேர்க்கைக்கு வந்தவர்கள் வாசலில் நின்று கேட்டவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நம்முடையது திருநெல்வேலி மாவட்டத்தில் 6 முதல் 12 வரை உள்ள அரசு உதவி பெறும் பள்ளி. அதனால் அரசு விதிகளும் நம் பள்ளியின் சொந்த ஏற்பாடுகளும் கலந்தே வரும். எது அரசு விதி, எது நாங்களாக வைத்தது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

டீச்சர், ஜூன் 2-ஆம் தேதியே வந்தாக வேண்டுமா? ஊரில் கோயில் கொடை முடிந்ததும் அடுத்த வாரம் அனுப்புகிறேனே?

கொடைக்கு இரண்டு நாள் என்றால் விடுப்புக் கடிதம் கொடுங்கள், மறுக்க மாட்டேன். ஒரு வாரம் வேண்டாம். திங்கட்கிழமை ஜூன் 2-இல் பள்ளி திறக்கிறது, அன்றைக்கே பாடநூல் வழங்குகிறோம். புத்தகம் தாமதமாகக் கிடைத்தாலும் சமாளித்துவிடலாம். பிரிவு பிரிப்பதும், யார் எந்தப் பேருந்தில் வருகிறார் என்ற பட்டியல் எழுதுவதும் முதல் மூன்று நாளில் முடிந்துவிடும். பத்தாம் நாள் வந்து சேரும் பிள்ளை அந்தப் பட்டியலில் விட்டுப்போகும். பின்னால் ஒரு சாயங்காலம் "என் மகள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை" என்று நீங்கள் போன் செய்யும்போது, அவள் எந்த வண்டியில் போவாள் என்று எங்களிடம் பதில் இருக்காது. போன வருடம் ஒரு முறை அப்படி நடந்தது. முக்கால் மணி நேரம் கழித்துத் தோழி வீட்டில் இருப்பது தெரிந்தது. அந்த முக்கால் மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பரீட்சை, லீவு தேதியெல்லாம் சொன்னால் டிக்கெட் போட வசதியாக இருக்கும்.

பள்ளிக் கல்வித் துறையின் நாள்காட்டிப்படி காலாண்டுத் தேர்வு செப்டம்பர் 18 முதல் 26 வரை. 27-ஆம் தேதி தொடங்கும் விடுமுறை அக்டோபர் 5 வரை, அக்டோபர் 6 திங்கட்கிழமை பள்ளி திறக்கும். ஆயுத பூஜையும் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் இந்த விடுமுறைக்குள்ளேயே வந்துவிடுகின்றன. தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அரையாண்டு விடுமுறை டிசம்பர் 24 முதல் ஜனவரி 4 வரை. அப்புறம் பொங்கல், ஜனவரி 15 வியாழக்கிழமை.

டிக்கெட் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். செப்டம்பர் 26 வெள்ளிக்கிழமை. அன்று மாலை ரயிலில் இடம் கிடைக்காது என்று 25-ஆம் தேதியே கிளம்பி, கடைசிப் பரீட்சையை விட்டுவிட்டு, "மறுபடி தனியாக வையுங்கள்" என்று கேட்பவர்கள் வருடத்துக்கு ஏழெட்டுப் பேர். காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் தனியாக மறுதேர்வு வைப்பதில்லை. உடம்பு சரியில்லாமல் போனவர்களுக்கு மட்டும் வகுப்பாசிரியர் பார்த்து ஏதாவது செய்வார்.

பொதுத் தேர்வு அட்டவணையை அரசுத் தேர்வுகள் இயக்ககம்தான் வெளியிடும், நாங்கள் அல்ல. வந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். மார்ச் மாதத்தில் கல்யாணம், காது குத்து எதையும் பொதுத் தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மழை கொட்டுகிறது, லீவா இல்லையா என்று காலையில் யாரிடம் கேட்பது?

மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். நானாக அறிவிக்க முடியாது. ஆனித் தேரோட்டம் மாதிரியான உள்ளூர் விடுமுறையும் அவர் அறிவிப்பதுதான். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாக வரும், அதையும் அதே அறிவிப்பிலேயே சொல்லிவிடுவார்கள். ஆகவே உள்ளூர் விடுமுறையை இனாமாகக் கிடைத்த நாளாக நினைத்து அந்தச் சனிக்கிழமை பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

வாட்ஸாப்பில் போன வருடத்து அறிவிப்பு மறுபடி சுற்றும். தேதியைப் பார்த்துவிட்டு நம்புங்கள். ஆட்சியர் விடுமுறை சொல்லவில்லை, ஆனால் உங்கள் ஊர் ஓடையில் தண்ணீர் தரைப்பாலத்துக்கு மேலே போகிறது என்றால் பிள்ளையை அனுப்ப வேண்டாம். வகுப்பாசிரியருக்கு ஒரு செய்தி போட்டால் போதும். அதற்குக் கடிதம் கேட்க மாட்டேன்.

யூனிஃபார்ம் அரசாங்கம் தருமா, நாங்கள் வாங்க வேண்டுமா? வரும் வரைக்கும் எதைப் போட்டு அனுப்புவது?

சத்துணவுத் திட்டத்தில் பெயர் கொடுத்த 1 முதல் 8 வரையுள்ள மாணவர்களுக்கு ஆண்டுக்கு நான்கு இணை சீருடையை அரசு இலவசமாகத் தருகிறது. நம் பள்ளியில் அது 6, 7, 8 வகுப்புகளுக்குப் பொருந்தும். நான்கும் ஒரே நாளில் வராது, தவணையாக வரும். அதுவரை போன வருடச் சீருடையே போதும். கை குட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் வெள்ளைச் சட்டையும் கருநீலத்தில் ஏதாவது ஒரு கால்சட்டையும் அல்லது பாவாடையும் போட்டு வரலாம். ஜூன் மாதம் முழுக்க இதற்காக யாரையும் வகுப்புக்கு வெளியே நிறுத்த மாட்டோம்.

9 முதல் 12 வரை நீங்கள்தான் வாங்க வேண்டும். பள்ளியில் துணி விற்பதில்லை, இந்தக் கடையில்தான் வாங்க வேண்டும் என்றும் சொல்வதில்லை. அலுவலகத்தில் துணி மாதிரி ஒட்டிய அட்டை இருக்கிறது. போட்டோ எடுத்துக் கொண்டுபோனால் நிறம் மாறிவிடுகிறது, அதனால் அட்டையிலிருந்து சின்னத் துண்டு வெட்டித் தருகிறோம், அதைக் காட்டி எடுங்கள். தைக்கக் கொடுக்கும்போது ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குக் கால்சட்டையின் அடி மடிப்பில் மூன்று அங்குலம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அந்த வயதில் ஒரே வருடத்தில் அவ்வளவும் தேவைப்படும்.

பஸ் பாஸ் இன்னும் வரவில்லை. கண்டக்டர் இறக்கிவிட்டால்?

இறக்கிவிட மாட்டார். புதிய பயண அட்டை கைக்கு வரும்வரை, சீருடையில் இருந்தாலோ பழைய அட்டையைக் காட்டினாலோ அரசுப் பேருந்தில் இலவசமாக ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு ஜூனிலும் போக்குவரத்துத் துறை அறிவிப்பது வழக்கம். முதல் வாரத்திலேயே சீருடை போட்டு அனுப்புங்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். யாராவது இறக்கிவிட்டால் பேருந்தின் பதிவு எண்ணையும் நேரத்தையும் குறித்து என்னிடம் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை நடத்துநரிடம் சண்டை போட வேண்டாம்.

பேன்ட்டை டைட்டாகத் தைத்துவிட்டான், முடியையும் ஒரு பக்கம் மழித்துவிட்டான். நீங்களே கண்டித்து வெட்டிவிடுங்கள் டீச்சர்.

இதைச் சொன்ன அப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் பதில் சொல்லிவிடுகிறேன். முடியை நாங்கள் வெட்ட மாட்டோம். பிள்ளையை உடலளவில் தண்டிப்பதும் மனம் நோக அவமானப்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி தடை செய்யப்பட்டவை. கூட்டத்தில் நிறுத்தி முடி வெட்டுவது இரண்டும் சேர்ந்தது. உங்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு வரும், திங்கட்கிழமைக்குள் சரி செய்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

இறுக்கமான கால்சட்டை விஷயத்தில் எனக்குள்ள எதிர்ப்பு ஒழுக்கம் சார்ந்தது இல்லை. காலை மடக்கித் தரையில் உட்கார முடியவில்லை, விளையாட்டு நேரத்தில் தையல் விட்டுப்போகிறது, அப்புறம் அந்தப் பையன் நாள் முழுக்க பையால் மறைத்துக்கொண்டு நிற்கிறான்.

பெண் பிள்ளைகளுக்குத் துப்பட்டா வேண்டாம், கோட்தான் என்று ஏன் மாற்றினீர்கள்? இரண்டு செலவு.

செலவு உண்மைதான். துப்பட்டாவை நிறுத்தியது நாங்களாக எடுத்த முடிவு, அரசு விதி இல்லை. நம் பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் சைக்கிளில் வருகிறார்கள், மற்றவர்களில் நிறையப் பேர் அப்பா வண்டியின் பின்னால். துப்பட்டா முனை பின் சக்கரத்தில் சிக்கினால் கழுத்தைத்தான் இழுக்கும். அதுவும் இரண்டு தோளிலும் ஊக்கு குத்தியிருந்தால் துணி நழுவி விடுபடாது. ஒரு பிள்ளைக்கு அப்படிச் சிக்கியது. சைக்கிள் என்பதால் கழுத்தில் சிராய்ப்போடு போயிற்று. பைக்காக இருந்திருந்தால் என்று நினைத்த அன்றே முடிவெடுத்தோம். ஆய்வகத்தில் அடுப்பு பக்கத்தில் நிற்கும்போதும் இதே பயம் உண்டு.

சுடிதாருக்கு மேல் கையில்லாத கோட் ஒன்று போதும், வாரம் இரண்டு முறை துவைத்தால் சமாளிக்கலாம். தலையில் துணி அணியும் பிள்ளைகள் சீருடை நிறத்தில் அணியலாம், தடையில்லை. முனைகளைக் கோட்டுக்குள் செருகிவிடச் சொல்லுங்கள், காரணம் அதேதான். தங்கச் சங்கிலி, வளையல் வேண்டாம். காணாமல் போனால் பள்ளி பொறுப்பேற்காது என்று எழுதி வைப்பதைவிட, போட்டு வராமல் இருப்பதே நல்லது.

கையில் கயிறு கட்டக் கூடாது என்கிறீர்கள். அது சாமி கயிறுதானே?

சில வீடுகளில் சாமி கயிறுதான், தெரியும். ஆனால் நம் மாவட்டத்தில் கையில் கட்டும் கயிற்றின் நிறத்துக்கு இன்னோர் அர்த்தமும் இருப்பது நீங்கள் அறியாதது இல்லை. ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு அது தெரியாது. எட்டாம் வகுப்பு வருவதற்குள் எந்த நிறம் எந்தத் தெரு என்று சொல்லத் தெரிந்துவிடுகிறது. மதியச் சாப்பாட்டுக்கு யார் யாரோடு உட்காருகிறார்கள், கபடி அணியை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்த்தால் விளங்கும். கயிறு இல்லாதபோது கலந்து உட்கார்ந்த அதே பிள்ளைகள், கயிறு வந்ததும் தனித்தனியாகப் போகிறார்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பள்ளி மாணவர்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களோடு மாணவர்கள் பள்ளிக்கு வருவதைத் தடுக்க வேண்டும், சைக்கிளிலும் சாதியைக் காட்டும் வண்ணம் பூசக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் உண்டு. கயிறு பற்றிய சுற்றறிக்கை அதற்கு முன்பே, 2019-இலேயே பள்ளிக் கல்வித் துறையில் போடப்பட்டது. அப்போது அதை எதிர்த்துப் பேச்சு எழுந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

எது சாமி கயிறு, எது மற்றது என்று பிரித்துப் பார்க்கும் வேலையை நான் ஆசிரியர்களிடம் கொடுக்க மாட்டேன். கொடுத்தால் ஒரு பையனின் கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, இன்னொருவன் கயிற்றை விட்டுவிடுவோம். அதுவே பெரிய சண்டையாகும். அதனால் மணிக்கட்டில் எந்த நிறத்திலும் எதுவும் வேண்டாம், ரப்பர் பட்டையும் வேண்டாம், எல்லோருக்கும் ஒரே விதி. கோயிலில் கட்டிய கயிறு என்றால் அரைஞாண் கயிற்றோடு சேர்த்துக் கட்டுங்கள். மந்திரித்துக் கொடுத்ததும் அப்படியே. வீட்டில் வழக்கமாக வைக்கும் பொட்டு, திருநீறு, சந்தனத்தைப் பற்றி நாங்கள் கேட்பதில்லை.

கயிற்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விடுவதும் சரியில்லை. வெள்ளைச் சட்டைக்குள்ளிருந்து தெரியும் வண்ணப் பனியன், பையில் ஒட்டும் தலைவர் படம், பேனா மூடியில் சுற்றும் இரட்டை நிற நூல், சைக்கிள் கம்பியில் பட்டை பட்டையாக பெயின்ட் என்று பிள்ளைகள் வழி கண்டுபிடித்துவிடுவார்கள். பனியன் வெள்ளையாக மட்டும் இருக்கட்டும். பதினொன்றாம் வகுப்பில் கிடைக்கும் இலவசச் சைக்கிளுக்கு வேறு பெயின்ட் அடிக்காதீர்கள்.

ஒரு அம்மா நேரில் வந்து, "அவன் அவிழ்த்தால் கூட்டாளிகள் கேலி செய்வார்கள், என்ன செய்ய?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தனியாக ஒருவனை அவிழ்க்கச் சொன்னால் கேலி வரும். அதனால் முதல் நாள் வகுப்பறையிலேயே, ஆசிரியர் முன்னிலையில், எல்லோரும் ஒரே நேரத்தில் அவிழ்த்துத் தங்கள் பையில் வைத்துக்கொள்வார்கள். யாரும் குப்பையில் போட மாட்டோம், கத்தரிக்கோலும் எடுக்க மாட்டோம். இந்த வழி போன வருடம் பிரச்சினையில்லாமல் நடந்தது. அரையாண்டுக்குப் பிறகு மூன்று பேர் மறுபடி கட்டி வந்தார்கள். அவர்கள் வீட்டில் பேசியபோது, தம்பிக்குக் கட்டிவிட்டது காலேஜ் படிக்கும் அண்ணன்கள் என்று தெரிந்தது. அதனால் வீட்டிலுள்ள பெரிய பையன்களிடமும் பேசுங்கள்.

கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுவான். கறுப்பு வேட்டி?

மாலை சட்டைக்குள் இருக்கட்டும். சீருடைதான், கறுப்பு வேட்டி வீட்டில். செருப்பில்லாமல் வர விரும்பினால் வரலாம், ஆய்வகத்திலும் மைதானத்திலும் மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெருவில் எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் பேசியிருக்கிறோம். அது சரியான வண்டிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பள்ளிக்குச் சொந்தப் பேருந்து கிடையாது, நீங்கள் பேசும் வண்டிக்குப் பள்ளி பொறுப்பில்லை. அதற்காக நான் சும்மா இருக்க முடியாது. போன ஆண்டு பள்ளி வாசலில் நின்ற வேன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். உடற்கல்வி ஆசிரியர் எண்ணினார், நான் எழுதினேன்.

முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகைக்கு ஓட்ட அனுமதி பெற்ற வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோக வண்டி. அதில் மாதக் கட்டணம் வாங்கிப் பிள்ளைகளை ஏற்றுவது அனுமதி மீறல். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். நாங்கள் பார்த்ததில் இரண்டு வண்டிகள் வெள்ளைப் பலகை.

அடுத்து mParivahan செயலியில் வண்டி எண்ணைப் போடுங்கள். தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று தெரியும். வாடகை வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன்பின் ஒவ்வொரு வருடமும் எஃப்.சி. எடுக்க வேண்டும். பழைய வேன்களில் இதுதான் விட்டுப்போகிறது. செயலியில் தேதி முடிந்திருந்தால், "எடுத்துவிட்டேன், இன்னும் ஏறவில்லை" என்பார் டிரைவர். காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, இருக்கை எண்ணிக்கை. ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும். எட்டுப் பேர் என்றிருந்தால் டிரைவரையும் சேர்த்து எட்டு. நாங்கள் எண்ணிய ஓர் எட்டு இருக்கை வேனிலிருந்து இறங்கியவர்கள் பதினேழு பேர். பின்னால் கியாஸ் சிலிண்டருக்கு மேல் பலகை போட்டு நான்கு பேர், டிரைவர் பக்கத்தில் மூன்று பேர். பெற்றோரிடம் பேசினோம். யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலில் ஏறும் ஒரு பிள்ளையைத்தான் பார்க்கிறார். உங்கள் வீடு முதல் நிறுத்தம் என்றால் வேன் காலியாகத்தான் வரும். ஒரு நாள் கடைசி நிறுத்தத்தில் போய் நின்று எண்ணிப் பாருங்கள். மாதக் கட்டணம் மற்ற வண்டியைவிடப் பாதி என்றால் எப்படிக் கட்டுப்படியாகிறது என்பதும் அங்கேதான் தெரியும்.

கடைசியாக, ஏறி இறங்கும் நேரம். 2012 ஜூலையில் தாம்பரம் பகுதியில் ஓடும் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தாள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கம் பகுதியில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே, வேன் பின்னோக்கி வந்தபோது ஒரு சிறுவன் இறந்தான். அதன்பின் பள்ளிப் பேருந்துகளில் கேமராவும் எச்சரிக்கைக் கருவியும் கட்டாயமாயின. நீங்கள் பேசும் தனியார் வேனில் இவை எதுவும் இருக்காது. டிரைவர் இருக்கையிலிருந்து பார்த்தால் வண்டிக்கு நேர் பின்னால் நிற்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை கண்ணில் படாது. அதனால் நம் தெற்கு வாசலில் வேன்கள் பின்னோக்கி வரக் கூடாது என்று வைத்திருக்கிறோம். வடக்கே நுழைந்து தெற்கே வெளியேற வேண்டும். உங்கள் தெரு முட்டுச் சந்து என்றால் டிரைவரைச் சந்துக்கு வெளியே நிறுத்தச் சொல்லிப் பிள்ளையை நடத்திக் கூட்டி வாருங்கள். இறங்கிய பிள்ளை வண்டிக்குப் பின்னால் சுற்றிக் கடக்காமல், வேன் போன பிறகு கடக்க வேண்டும். இந்த ஒன்றை வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பதினாறு வயது ஆகிவிட்டது. கியர் இல்லாத ஸ்கூட்டிதானே, ஓட்டி வரலாமே?

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்கும் ஆச்சரியம். சட்டம் கியரைப் பற்றி மட்டும் பேசவில்லை, என்ஜின் அளவைப் பேசுகிறது. பதினாறு வயதில் ஓட்டலாம் என்பது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு, அதுவும் உரிமம் எடுத்த பிறகு. இன்று நீங்கள் வாங்கும் ஸ்கூட்டர்கள் 110, 125 சி.சி. கிராமத்து வண்டி என்று நினைக்கும் எக்ஸ்.எல். 100 கூட 100 சி.சி.யை ஒட்டியது. எனவே நம் பள்ளிக்கு வரும் எந்தப் பெட்ரோல் வண்டியையும் பதினெட்டு வயதுக்கு முன் ஓட்ட முடியாது.

2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவைச் சொன்னால் சிலர் மிரட்டுகிறேன் என்கிறார்கள். அதில் உள்ளதைத்தான் சொல்கிறேன். சிறார் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. கடைசியைத்தான் பிள்ளைகளிடம் சொல்கிறேன். ஜெயிலுக்குப் போவது அப்பா என்றால் சிரிக்கிறார்கள், தனக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை என்றால் முகம் மாறுகிறது. யாராவது அடிபட்டால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கொடுத்த இழப்பீட்டை உங்களிடமே திரும்பக் கேட்கலாம். அந்தத் தொகை வண்டி விலையைப் போலப் பல மடங்கு வரும்.

பள்ளிக்குள் சைக்கிள் மட்டுமே நிறுத்தலாம். ஆனால் வாசலில் தடுத்தால் பக்கத்துத் தெருவில் டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள். டீக்கடைக்காரரிடம் பேசியிருக்கிறேன். வண்டி நின்றால் எண்ணைக் குறித்து எனக்குச் சொல்வார், நான் உங்களுக்குச் சொல்வேன்.

மின்சார சைக்கிள் பற்றிக் கேட்டவருக்கு: 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற எல்லைக்குள் இருப்பதற்கு உரிமம் தேவையில்லை. நம்பர் பிளேட் இருக்கிறதென்றால் அது அந்த வகை இல்லை.

நான்தான் பைக்கில் கொண்டுவந்து விடுகிறேன். பிள்ளைக்குமா ஹெல்மெட்?

ஆம், நான்கு வயதுக்கு மேல் எல்லோருக்கும். உங்கள் பழைய ஹெல்மெட் வேண்டாம், தலையில் ஆடும். வார் மாட்டிய பிறகு தாடைக்குக் கீழே ஒன்றிரண்டு விரல்தான் நுழைய வேண்டும், அதற்கு மேல் நுழைந்தால் தளர்வு. பெட்ரோல் டேங்க் மேல் தம்பி, பின்னால் அக்கா, நடுவில் பை என்று மூவராக வருபவர்களை வாசலில் பார்த்தால் ஒன்றும் சொல்ல மாட்டேன், பார்ப்பேன். போன வருடம் அது வேலை செய்தது.

நான் வர முடியாத நாளில் என் தம்பி வந்து கூட்டிப் போகலாமா?

நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் மூன்று பேர் பெயரும் எண்ணும் எழுதச் சொல்லியிருக்கிறோம். அதில் உங்கள் தம்பி இருந்தால் வரலாம். இல்லையென்றால், அவர் என்ன சொன்னாலும், நாங்கள் உங்களுக்குப் போன் செய்து பேசிய பிறகுதான் அனுப்புவோம். அவர் தன் போனில் உங்களை அழைத்துக் கொடுத்தால் வாங்க மாட்டோம், நாங்களே எங்களிடமுள்ள எண்ணுக்கு அழைப்போம். ஒரு முறை "இவள் அப்பாவுக்கு ஆக்சிடென்ட், ஆஸ்பத்திரியில் இருக்கிறார்" என்று ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு அழைத்தால் அவர் வயலில் இருந்தார். வந்தவர் உறவுக்காரர்தான், குடும்பச் சொத்துத் தகராறு. காத்திருக்க வைத்தால் கோபப்படாதீர்கள். எண் மாறினால் அன்றே சொல்லுங்கள்.

குற்றாலத்தில் சீசன். யூனிஃபார்மோடு பசங்களைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

நம் பசங்கள்தான். முதல் பாடவேளை வருகைப் பதிவு முடிந்ததும், வராதவர் வீட்டுக்கு 10 மணிக்குள் செய்தி போகும். அதைப் பார்த்தும் "ஏதோ தப்பாக வந்திருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள், உடனே அழையுங்கள்.

அருவியைவிட எனக்குப் பயம் தாமிரபரணிதான். கரையில் முழங்கால் அளவு தண்ணீர், இரண்டு எட்டு வைத்தால் மணல் அள்ளிய பள்ளம் அல்லது ஆழமான கசம். நீச்சல் தெரிந்த பிள்ளையும் காப்பாற்றப் போய்த்தான் போகிறது, மூழ்குபவன் கழுத்தைக் கட்டிக்கொள்வான். அதனால் பள்ளியில் சொல்லித் தருவது ஒன்றே ஒன்று: குதிக்காதே, நீட்டு அல்லது வீசு. வேட்டி, துண்டு, கம்பு, மூடி போட்ட காலி தண்ணீர் கேன், எது கிடைக்கிறதோ அது. கத்திக் கூப்பிட்டுவிட்டு 108. வீட்டில் ஐந்து லிட்டர் காலி கேனை மூடி இறுக்கி, அண்டாத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அது எவ்வளவு தாங்கும் என்று நம்பிக்கை வரும்.

ஏதாவது தப்பு நடந்தால் பிள்ளை உங்களிடம் சொல்லுமா? எங்களிடமே சொல்வதில்லை.

சொல்லாது. அதனால்தான் ஒவ்வொரு வகுப்பிலும் 1098, 14417 என்ற இரண்டு எண்களை எழுதி ஒட்டியிருக்கிறோம். முதலாவது குழந்தைகள் உதவி எண், இரண்டாவது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். இரண்டுக்கும் காசு கிடையாது. மாணவர் மனசுப் பெட்டி மாடிப்படி திருப்பத்தில் இருக்கிறது. முன்பு என் அறை வாசலில் வைத்திருந்தோம், யார் போடுகிறார்கள் என்று எல்லோரும் பார்த்ததால் அது காலியாகவே கிடந்தது.

பாலியல் தொந்தரவு பற்றிய புகார் எனக்கு வந்தால், அது ஆசிரியர் மேலோ, வேன் டிரைவர் மேலோ, உங்கள் சொந்தக்காரர் மேலோ, போக்சோ சட்டப்படி நான் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் நானே குற்றவாளி. "பிள்ளை பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசி முடிப்போம்" என்று அப்போது என்னிடம் வந்து கேட்காதீர்கள். பிள்ளையின் பெயரும் படமும் வெளியே போகாமல் காப்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. வகுப்பு வாட்ஸாப் குழுவில் அதைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதக் கூடாது.

பெற்றோர் கூட்டம் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை 10 மணி. தேதியைப் பிள்ளையின் நாட்குறிப்பில் எழுதி அனுப்புகிறேன். நாட்குறிப்பின் முதல் பக்கத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாருங்கள்.